பேச்சின் கீழே இசை: முதலில் இடம் ஒதுக்குங்கள், அப்புறம் தாழ்த்துங்கள்

*வீட்டுத்தோட்டம் பற்றி எட்டு நிமிட வீடியோக்கள் போடுகிறேன். குரலைத் தனியாகப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் வீணை கலந்த பின்னணி இசை சேர்க்கிறேன். ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேச்சு மங்கிப்போகிறது. இசையைக் குறைத்தால் அது இருப்பதே தெரியவில்லை. Auto Duck போட்டால் இசை மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்குகிறது. எங்கே தப்பு?*

நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. மூன்றையும் வால்யூம் என்ற ஒரே திருகியால் சரிசெய்யப் பார்ப்பதால்தான் ஒன்றை அழுத்தினால் இன்னொன்று கிளம்புகிறது. இசை எவ்வளவு சத்தம் என்பது ஒன்று. குரல் வாழும் அலைவரிசைகளிலேயே இசையும் குடியிருக்கிறதா என்பது இரண்டாவது. இசை எப்போது இறங்கி எப்போது ஏறுகிறது என்பது மூன்றாவது. டக்கிங், அதாவது குரல் வரும்போது இசை தானாகத் தலைகுனிவது, இந்த மூன்றாவதற்கு மட்டும்தான் மருந்து. முதல் இரண்டையும் சரிசெய்யாமல் Auto Duck போட்டால் அதை 15 டெசிபல், 18 டெசிபல் என்று ஆழமாக இறக்கவேண்டி வரும். அவ்வளவு ஆழம் இறங்கி ஏறினால் யார் காதுக்கும் தெரியும். முன்வேலை சரியாக இருந்தால் 8, 9 டெசிபல் போதும்.

ஹெட்போனில் நன்றாகவும் போனில் மோசமாகவும் கேட்பது ஏன் என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. உங்கள் குரல் இரண்டு காதுக்கும் சமமாக, தலையின் நடுவில் நிற்கிறது. ஸ்டீரியோ இசை இடமும் வலமும் பரவியிருக்கிறது. இரண்டும் வெவ்வேறு திசையிலிருந்து வருவதாக மூளை எடுத்துக்கொண்டு, குரலைத் தனியே பிரித்துக் கேட்கிறது. திருமண மண்டப இரைச்சலில் எதிரே இருப்பவர் பேச்சைப் பிடித்துவிடுகிறோமே, அதே திறமைதான். போனில் அந்த வசதி போய்விடுகிறது. இரண்டு ஸ்பீக்கர் இருந்தாலும் அவை ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கின்றன. எல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வருகிற மாதிரிதான். அதோடு போன் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. உங்கள் குரலின் கனமும் இசையின் அடிநாதமும் அங்கே காணாமல் போய், நடு அலைவரிசை மட்டும் மிஞ்சுகிறது. வீணைத் தந்தியின் துள்ளலும் உங்கள் மெய்யெழுத்துகளும் மோதிக்கொள்வது சரியாக அந்த இடத்தில்தான்.

ஆகவே கலவையை மோனோவில் கேட்டு முடிவெடுங்கள். ஆடாசிட்டியில் இசைத் தடத்தின் பிரதி ஒன்றை எடுத்து (`Ctrl+D`), `Tracks > Mix > Mix Stereo Down to Mono` கொடுத்து, அதை வைத்தே எல்லா அளவையும் தீர்மானியுங்கள். கடைசியில் ஸ்டீரியோவுக்குத் திரும்பலாம். மோனோவில் புரிகிற பேச்சு ஸ்டீரியோவில் இன்னும் தெளிவாகத்தான் இருக்கும். தலைகீழாக அது வேலை செய்யாது.

இனி குரல். இசையை மியூட் செய்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். குழம்பியிருக்கிறது என்று இசைமேல் பழி போடப்படும் பல வீடியோக்களில் குழப்பம் குரலிலேயே இருக்கும். ஒருதிசை மைக்கை வாயிலிருந்து ஐந்து, பத்து சென்டிமீட்டரில் வைத்துப் பேசினால் தாழ்ந்த ஒலிகள் ஊதிப் பெருகும். மொசைக் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் பேசினால் எதிரொலி ஒவ்வொரு அசையின் வாலையும் அடுத்த அசைமேல் இழுத்துப் போடும். எதிரொலியைப் பதிவுக்குப் பின்னால் சுத்தமாக நீக்குவது கடினம். துணி அலமாரி, மெத்தை, திரைச்சீலை உள்ள அறைக்கு மாறுவதுதான் வழி. அடிக்கனத்துக்கு வழி உண்டு. `High-Pass Filter`-இல் 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று வைத்துக் கீழ் உறுமலை வெட்டுங்கள். பெண்குரல் என்றால் 100 ஹெர்ட்ஸ் வரை போகலாம். அப்படியும் பானைக்குள்ளிருந்து பேசுவது போல் இருந்தால் `Filter Curve EQ`-இல் 250 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறையுங்கள். அதற்குமேல் குறைத்தால் குரல் தகரமாகிவிடும்.

பிறகு குரலைச் சமப்படுத்த வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு வாக்கியத்தை உற்சாகமாக உரக்கவும் அடுத்ததை முணுமுணுப்பாகவும் சொல்லியிருந்தால், இரண்டுக்கும் 12 டெசிபல் வித்தியாசம் எளிதாக வந்துவிடும். உரத்த வாக்கியத்துக்குப் பொருந்தும் இசை அளவு முணுமுணுப்பை விழுங்கிவிடும். முணுமுணுப்புக்குப் பொருத்தினால் உரத்த இடத்தில் இசை இருப்பதே தெரியாது. நீங்கள் சொல்கிற "குறைத்தால் தெரியவில்லை" என்பதில் பாதி இதுவாகவே இருக்கும். `Compressor`-இல் `Ratio` 3 என்று வைத்து, உரத்த சொற்கள் 4 முதல் 6 டெசிபல் வரை அமுங்கும்படி `Threshold`-ஐ இறக்குங்கள். முடிந்ததும் `Loudness Normalization` திறந்து, -18 LUFS என்று கொடுங்கள். குரல் மோனோ தடம் என்றால் அங்கேயே உள்ள `Treat mono as dual-mono` பெட்டியில் டிக் இருக்கட்டும். LUFS என்பது உச்சிகளை அளக்காமல், காதுக்கு எவ்வளவு உரப்பாகப் படுகிறது என்பதை அளக்கும் அலகு. -18 இறுதி அளவு இல்லை. மேலே இசை வந்து சேர இடம் விட்டுவைக்கிறோம்.

அடுத்தது இசை. எந்த இசையைப் பேச்சுக்கு அடியில் வைக்கக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தவறான இசையை, அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் காப்பாற்றாது. பாட்டு வரிகள் உள்ளது வேண்டவே வேண்டாம். அது அலைவரிசைப் பிரச்சினை மட்டும் கிடையாது. இரண்டு பேர் பேசுவதில் ஒருவரைத் தேர்ந்து கேட்கும் வேலையைக் கேட்பவர் தலையில் கட்டுகிறோம். வரியில்லாத ஆலாபனைகூட அப்படித்தான். புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம் போன்றவை தனி ராகமாக இழையும் இசை மனிதக் குரலைப் போலவே கவனத்தைப் பிடித்து இழுக்கும். மிருதங்கம், தபலாவின் கூர்மையான அடிகள் க, ட, ப போன்ற வல்லின வெடிப்புகளோடு கலந்து அவற்றை மறைக்கும். நீங்கள் வைத்திருக்கும் வீணை, தந்தி மீட்டலுக்கு இடையில் நிறைய வெளி விட்டு வாசித்ததாக இருந்தால் பரவாயில்லை. வேகமான பிருகாக்கள் உள்ள பகுதியாக இருந்தால் வேறு பகுதியை வெட்டி எடுங்கள். இசை வாங்கிய தளத்தில் வாத்தியங்கள் தனித்தனிக் கோப்பாகக் கிடைத்தால், முதன்மை வாத்தியத்தை விட்டுவிட்டுத் தம்புராவும் மெல்லிய தாளமும் மட்டும் பேச்சுக்குக் கீழே, வீணை இடைவெளிகளில் மட்டும் என்று வைப்பது எல்லாவற்றிலும் நல்ல தீர்வு. அங்கே டக்கிங்கே பெரிதாகத் தேவைப்படாது.

இசையில் வெட்ட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று 200 முதல் 500 ஹெர்ட்ஸ். குழம்பிய ஒலியின் வீடு இதுதான். குரலின் அடிச்சுருதிக்கு மேலுள்ள கனம், அறை எதிரொலி, தம்புரா, ஆர்மோனியம், சிந்தசைசர் பேட் எல்லாம் இங்கே வந்து குவியும். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் இனிமை, சேர்ந்தால் களிமண். தாழ்ந்த ஒலிக்கு இன்னொரு குணமும் உண்டு: உரப்பான தாழ்ந்த ஒலி தனக்கு மேலே உள்ள அலைவரிசைகளையும் காதுக்குள் மறைக்கும். மேலுள்ள ஒலி கீழுள்ளதை அந்த அளவு மறைக்காது. அதனால் இசையின் அடிக்கனத்தைக் குறைத்தால் குரலின் நடுப்பகுதியும் சேர்ந்து துலங்கும்.

இரண்டாவது இடம் 1500 முதல் 3500 ஹெர்ட்ஸ். தமிழுக்கு இது ரொம்ப முக்கியம். ல, ள, ழ மூன்றையும், ன, ண இரண்டையும் காது பிரித்தறியும் குறிகளில் பெரும்பங்கு குரலின் மூன்றாவது ஒத்திசைவில், அதாவது வாயின் வடிவத்தால் வலுப்பெறும் மூன்றாவது அலைவரிசைப் பட்டையில், இருக்கிறது. நாக்கை மடித்துச் சொல்லும் ள, ண, ழ ஆகியவற்றில் அந்த ஒத்திசைவு கீழே இறங்கும். ஏறக்குறைய இதே பட்டையில்தான் அந்த ஏற்ற இறக்கம் நடக்கிறது. வீணைத் தந்தியின் உலோக மினுக்கம் அங்கே நிரம்பியிருந்தால் 'கிளி', 'கிழி', 'கிலி' எல்லாம் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்கும். கேட்பவர் சூழலை வைத்து ஊகித்துக்கொள்வார், ஆனால் எட்டு நிமிடம் ஊகித்துக்கொண்டே இருந்தால் அலுத்துப் போவார்.

ஆக, இசைத் தடத்தில் `Filter Curve EQ` திறந்து கோட்டை இப்படி வளையுங்கள்: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியட்டும். 150-இல் 2 டெசிபல் குறைவு. 250 முதல் 400 வரை 4 டெசிபல் குறைவு. 800-இல் சுழியத்துக்கு வரட்டும். 1500 முதல் 3500 வரை 5 டெசிபல் அகலமான பள்ளம். 6000-க்கு மேல் மறுபடி சுழியம். குறுகலான ஆழ்ந்த பள்ளங்கள் வேண்டாம். இசை மூக்கடைத்தது போல் ஆகும். இதைத் தனியாகக் கேட்டால் இசை கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கும். தனியாகக் கேட்டுக் கவலைப்படாதீர்கள். அந்தப் பள்ளத்தைக் குரல் நிரப்பும்போது இரண்டும் ஒரே சித்திரமாகும். அறிமுகத்தில் இசை தனியாக ஒலிக்கும் பத்து வினாடிக்கு மட்டும் ஈக்யூ போடாத பிரதியை வேறு தடத்தில் வைத்து, குரல் தொடங்கும் முன் அதை மெல்ல மங்கவிட்டு ஈக்யூ போட்டதை உள்ளே விடுங்கள்.

ஈக்யூ முடிந்தபின் இசைத் தடத்தையும் `Loudness Normalization`-இல் அதே -18 LUFS-க்குக் கொண்டுவாருங்கள். வரிசை மாறக்கூடாது, ஈக்யூ உரப்பை மாற்றிவிடும். இசையையும் குரல் அளவுக்கே ஏற்றுவது விசித்திரமாகத் தோன்றலாம். இப்போது இரண்டும் சம உரப்பில் நிற்கின்றன. இனி இசைத் தடத்தின் இடப்பக்க வால்யூம் நழுவியை -10 என்று இறக்கினால், இசை குரலைவிடச் சரியாக 10 டெசிபல் கீழே இருக்கிறது என்று பொருள். நழுவி காட்டும் எண்ணே இடைவெளி. அடுத்த வாரம் வேறு இசை போட்டாலும் இதே எண் இதே உணர்வைத் தரும். "இசையை -20-இல் வைக்கவும்" என்று பல இடங்களில் சொல்கிறார்கள்; இசை முன்னே எந்த அளவில் இருந்தது என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

எவ்வளவு இடைவெளி வேண்டும்? இணையத்தள அணுகல்தன்மைக்கான WCAG விதிகளில் 1.4.7 என்ற கடுமையான நிலை, பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. காது மந்தமானவர்களை மனதில் வைத்து எழுதியது அது. மருந்து அளவும் கலவை விகிதமும் சொல்லும் தோட்ட வீடியோவுக்கு அதை ஒட்டி 18 முதல் 20 வரை வைப்பது நியாயம். பார்ப்பவர்களில் ஓய்வுபெற்றவர்கள் கணிசம் என்றால் 20-ஐ விட்டு இறங்காதீர்கள். முப்பது வினாடி விளம்பரத் துண்டுக்கு 12 முதல் 15 கூடச் சரி. உங்கள் கணக்கு இப்படி வரும்: நழுவி -10, டக்கிங் 9. பேசும்போது இசை 19 டெசிபல் கீழே. நீங்கள் மண்ணைக் கிளறுவதைப் பேச்சில்லாமல் காட்டும் இடத்தில் 10 டெசிபல் கீழே. அறிமுகத் தடத்தைத் தனியாக -4-இல் வைக்கலாம், அங்கே போட்டிக்கு ஆள் இல்லை.

இப்போதுதான் Auto Duck. முதலில் இசைத் தடத்தைப் பிரதி எடுத்து, மூலத்தை மியூட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஃபெக்ட் ஒலி அலையையே மாற்றி எழுதிவிடும். குரல் தடம் இசைத் தடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். குரலைத் தேர்ந்தெடுக்காமல் இசையை மட்டும் தேர்ந்தெடுத்து, `Effect > Volume and Compression > Auto Duck` போங்கள். கட்டுப்படுத்தும் தடம் இல்லை என்று பிழை வந்தால், தடங்களின் வரிசை தப்பு என்றே பொருள்.

அதில் `Duck amount` தொடக்கத்தில் -12 இருக்கும், -9 ஆக்குங்கள். மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் `Maximum pause`. பேச்சின் இடைவெளி இந்த அளவைவிடக் குறைவாக இருந்தால் இசை இறங்கியபடியே இருக்கும், அதிகமானால் ஏறும். தொடக்க அளவு 1 வினாடி. நிதானமாக விளக்கிப் பேசுகிறவர்கள் வாக்கியத்துக்கு வாக்கியம் 1 முதல் 1.5 வினாடி விடுவது சகஜம். அதனால் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் இசை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது. இதை 2.5 வினாடி ஆக்குங்கள். வாக்கிய இடைவெளி எல்லாம் அமைதியாகிவிடும். காட்சி மாறும் நிஜமான இடைவெளியில் மட்டும் இசை மேலே வரும்.

மங்கும் நேரங்கள் நான்கு இருக்கின்றன. பெயர்கள் குழப்பும், ஆனால் விஷயம் எளிது: `Outer` என்றால் பேச்சுக்கு வெளியே நடப்பது, `Inner` என்றால் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நடப்பது. `Outer fade down length` 0.5 என்றால், முதல் சொல் வருவதற்கு அரை வினாடி முன்னாலேயே இசை இறங்கத் தொடங்கி, சொல் வரும்போது கீழே போய்ச் சேர்ந்திருக்கும். நேரலையில் இது நடக்காது. பதிவு முழுவதும் கையில் இருப்பதால் கிடைக்கும் சௌகரியம். `Outer fade up length` 1.5 வையுங்கள். இறங்குவது சுருக்காகவும் ஏறுவது சோம்பலாகவும் இருந்தால் காது கவனிக்காது. `Inner` இரண்டும் சுழியமாகவே இருக்கட்டும். ஒரு சின்ன எச்சரிக்கை: `Maximum pause`, இரண்டு `Outer` நேரங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால், ஆடாசிட்டி அந்தக் கூட்டுத்தொகையையே எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் 0.5-உம் 1.5-உம் சேர்ந்து 2, 2.5-க்குள் அடங்குகிறது.

மிச்சம் இருப்பது `Threshold`. இதில்தான் தமிழில் பேசுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தொடக்க அளவு -30 டெசிபல். குரல் அதைவிடத் தாழ்ந்தால் பேச்சு நின்றுவிட்டதாக எஃபெக்ட் நினைக்கும். வாக்கியம் முடியும்போது நம் குரல் இயல்பாகவே தாழ்கிறது. நம் மொழியிலோ வினையும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகின்றன. "வேப்பெண்ணெய்க் கரைசலை உச்சி வெயிலில் தெளிக்க வேண்டாம்" என்று சொல்கிறீர்கள். 'தெளிக்க' வரை குரல் கனமாக இருந்து 'வேண்டாம்' -34-க்குத் தாழ்ந்தால், எஃபெக்ட் கணக்கில் பேச்சு 'தெளிக்க'வோடு முடிந்துவிட்டது. அடுத்த வாக்கியம் உடனே வந்தால் தப்பித்தீர்கள். அது காட்சி மாற்றத்துக்கு முந்தைய கடைசி வாக்கியமாக இருந்தால், 'வேண்டாம்' என்ற சொல்மேலேயே இசை ஏறத் தொடங்கும். கேட்டவர் 'வேண்டும்' என்று எடுத்துக்கொண்டு வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

அதனால் ஊகிக்காமல் அளந்து வையுங்கள். உங்கள் பதிவில் மிக மெல்லிய வாக்கிய முடிவு ஒன்றைத் தேடி, அந்தச் சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து `Analyze > Measure RMS` கொடுங்கள். -35 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து யாரும் பேசாத, அறைச் சத்தம் மட்டும் உள்ள ஒரு வினாடியை அளந்து பாருங்கள். -56 என்று வந்தால் இடையில் தாராளமாக இடம் இருக்கிறது. `Threshold` -40 வைக்கலாம். மின்விசிறி ஓடும் அறையில் பதிவு செய்து அது -42 என்று வந்தால் சிக்கல்: -40-இல் மூச்சுச் சத்தமும் நாற்காலிக் கிறீச்சும் பேச்சாகக் கணக்காகி, இசை மேலே வரவே வராது. அப்போது குரல் தடத்தின் பிரதி ஒன்றை எடுத்து, அதில் `Noise Gate` கொண்டு பேச்சில்லாத இடங்களை மௌனமாக்கி, அந்தப் பிரதியை இசைக்குக் கீழே கட்டுப்பாட்டுத் தடமாக வைத்து Auto Duck ஓட்டிவிட்டு, பிரதியை அழித்துவிடுங்கள். கேட்பவர் காதுக்கு அசல் குரல்தான் போகும். வெட்டிய குரல் எஃபெக்டுக்கு மட்டும். இரண்டு பேர் பேசும் வீடியோவிலும் இதே உத்திதான்: இரு குரலையும் கலந்து ஒரு தடமாக்கிக் கட்டுப்பாட்டுக்கு வையுங்கள். எஃபெக்ட் ஒரே தடத்தைத்தான் பார்க்கும்.

வாராவாரம் இதே வேலை என்றால், ஒரே கட்டளையில் முடிக்க ffmpeg என்ற கட்டளைவரி நிரலின் சைட்செயின் கம்ப்ரசர் இருக்கிறது; ஒரு தடத்தின் உரப்பைப் பார்த்து இன்னொரு தடத்தை அமுக்குவது அதன் வேலை. குரல், ஈக்யூ போட்ட இசை இரண்டும் -18 LUFS-இல், இரண்டும் ஸ்டீரியோ 48000 ஹெர்ட்ஸ் கோப்பாக இருக்கட்டும்.

```
ffmpeg -i voice.wav -i music.wav -filter_complex \
"[0:a]asplit=2[v][sc];[1:a]volume=-10dB[m]; \
[m][sc]sidechaincompress=threshold=0.025:ratio=4:attack=40:release=1200[d]; \
[v][d]amix=inputs=2:duration=first:normalize=0" mix.wav
```

`threshold`-இல் உள்ள 0.025 என்பது சுமார் -32 டெசிபல். சராசரிப் பேச்சு -20 அருகில் நிற்கிறது, அதாவது எல்லைக்கு 12 டெசிபல் மேலே. `ratio` 4 என்றால் அந்த 12-இல் முக்கால் பங்கு குறையும்: 9 டெசிபல். இந்த முறைக்கும் Auto Duck-க்கும் ஒரு பெரிய வித்தியாசம், இங்கே இசை எவ்வளவு இறங்கும் என்பது குரல் எவ்வளவு உரப்பு என்பதைப் பொறுத்தது. மெல்லிய 'வேண்டாம்' இசையை மெல்லத்தான் தள்ளும். குரலை முன்பே கம்ப்ரஸ் செய்யச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இது. இரண்டாவது வித்தியாசம், இது முன்னோக்கிப் பார்க்காது. முதல் எழுத்து வந்தபின்தான் இறங்கத் தொடங்கும். `normalize=0` மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் `amix` இரண்டு தடங்களின் அளவையும் தானாகக் குறைத்துவிடும், கலவை முழுவதும் தாழ்ந்து வரும்.

மூன்று நிமிடத்துக்குக் குறைவான வீடியோ என்றால் இவை இரண்டையும் விட்டுவிட்டு `Envelope Tool`-ஆல் கையால் செய்வதே மேல் என்பேன். அதில் மொத்தம் நான்கைந்து ஏற்ற இறக்கம்தான் வரும். எஃபெக்டுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: இசையின் தாளத்தில் எந்த இடத்தில் ஏறினால் இயல்பாக இருக்கும் என்பது. எட்டு நிமிடத்திலும் இசை எட்டு நிமிடமும் ஓடவேண்டும் என்று சட்டமில்லை. கலவை விகிதம் சொல்லும் ஒரு நிமிடத்துக்கு இசையை முழுக்க நிறுத்திவிட்டு, செடி காட்டும் காட்சியில் மறுபடி கொண்டுவந்தால், வந்தது உறைக்கும். "இருப்பதே தெரியவில்லை" என்ற குறைக்கு வால்யூமைவிட இது நல்ல மருந்து.

கலவை முடிந்ததும் சோதனை. ஒலியளவைக் குறைத்துக்கொண்டே போய், பேச்சு கேட்கும் கேட்காது என்ற விளிம்பில் நிறுத்துங்கள். அந்த அளவில் இசை ஏறக்குறைய மறைந்திருக்க வேண்டும். அங்கேயும் வீணை துல்லியமாகக் கேட்டால், ஒன்று இடைவெளி போதாது, அல்லது 1500-3500 பள்ளம் போதாது. எது என்று அறிய, இசையை 3 டெசிபல் இன்னும் குறைத்துப் பாருங்கள். மீட்டல் மட்டும் குத்திக்கொண்டே இருந்தால் அது ஈக்யூ விஷயம். அடுத்து போனை மேசைமேல் வைத்து, மின்விசிறியை ஓடவிட்டு, கை நீள தூரத்தில் கேளுங்கள். இதை நீங்களே கேட்டு முடிவு செய்யாதீர்கள். எழுதியதும் பேசியதும் நீங்கள் என்பதால், கேட்காத சொல்லையும் உங்கள் மூளை நிரப்பிக்கொள்ளும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, அளவுகள் வரும் இரண்டு வாக்கியங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் "என்ன, அஞ்சு மில்லியா, அம்பது மில்லியா?" என்று கேட்டால் கலவை இன்னும் முடியவில்லை.

ஏற்றுமதிக்கு முன் மொத்தக் கலவையையும் ஒரு தடமாக்கி, யூடியூபுக்கு -14 LUFS, பாட்காஸ்ட் என்றால் -16 LUFS-க்குக் கொண்டுவந்து, உச்சிகள் -1 டெசிபலைத் தாண்டாமல் `Limiter` போடுங்கள். யூடியூப் -14-ஐவிட உரத்ததைத் தாழ்த்தும், தாழ்ந்ததை ஏற்றிக் கொடுக்காது. ஏற்றிய பின் வீடியோமேல் வலது சொடுக்கி `Stats for nerds` திறந்தால், `Volume / Normalized` வரியில் `content loudness` என்ற இடத்தில் உங்கள் வீடியோ எவ்வளவு மேலே அல்லது கீழே என்று காட்டும். லிமிட்டரில் ஒன்றைக் கவனியுங்கள்: அறிமுக இசை மங்கி முடியும் முன்பே குரல் தொடங்கி, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு மூன்று வினாடியில் தாள அடிகள் லிமிட்டரை முட்டினால், ஒவ்வொரு அடிக்கும் உங்கள் குரல் தலைகுனியும், நாம் இத்தனை நேரம் செய்ததற்கு நேர் எதிராக. "வணக்கம்" என்ற முதல் சொல்லே அதிர்ந்து கேட்டால் லிமிட்டரைத் தொடாமல், அறிமுகத் தடத்தை -4-இலிருந்து -7-க்கு இறக்குங்கள்.